எல்லா விளக்கும் எரிகிறது, திரை மட்டும் இருட்டு

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியதும் ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றன. கண்ணாடிக் கதவுக்குள் பச்சை, நீலம், ரோஸ் என்று சீரியல் பல்பு ஓடுகிறது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி வருகிறது, பிறகு அதுவும் அணைந்துவிடுகிறது. என்ன குறை? சொல்லாது. எங்கே குறை? அதையும் சொல்லாது. அழகுக்கு இத்தனை விளக்கு போடத் தெரிந்தவர்களுக்கு, கோளாறு இன்ன இடத்தில் என்று காட்ட ஒரு விளக்கு போட மனசு வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நான் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும்தான் பிழைப்பு என்பதால் எங்கள் ஊர்களில் என்னைப் போன்றவர்கள் நிறைய. அங்கே ஒரு மோட்டார் நின்றுபோனால் பேனலில் அதற்கென்று ஒரு விளக்கு எரியும். ஓவர்லோடா, எர்த் ஃபால்ட்டா, எமர்ஜென்சி ஸ்டாப்பை யாராவது அழுத்திவிட்டார்களா என்று தனித்தனியாகத் தெரியும். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் ஓடிப் போகிறவன்கூட எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வான். நூறு குதிரைத்திறன் மோட்டார் கொடுக்கும் இந்த மரியாதையை, கணக்குப் போடவே பிறந்த கம்ப்யூட்டர் கொடுக்க மாட்டேன் என்கிறது.

என் தம்பி மகன் கல்யாண வீடியோ எடிட் செய்து சம்பாதிக்கிறான். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயில் இருப்பதால் திருமணம், வேண்டுதல், தேர்பவனி என்று கேமராவுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். பழைய லேப்டாப்பில் ஒரு பாட்டுக்குக் கலர் மாற்றவே பொழுது விடிந்துவிடுகிறது என்று, உதிரி உதிரியாக வாங்கித் தானே பூட்டிவிட முடிவு செய்தான். கொஞ்சம் சென்னை ரிச்சி தெருவில், கொஞ்சம் ஆன்லைனில் வாங்கினான். கூடத்தில் பாய் விரித்து, செல்போனில் வீடியோ ஓடவிட்டு, பொறுமையாகத்தான் பூட்டினான். பொத்தானை அழுத்தினால் மேலே சொன்ன கதைதான்.

கிராபிக்ஸ் கார்டு விற்ற கடைக்குப் போன் போட்டோம். “ஃபேன் சுத்துதா சார்? லைட் எரியுதா? அப்போ பவர் ஓகே. கார்டுதான் போயிருக்கும், எடுத்துட்டு வாங்க” என்றார்கள். எடுத்துக்கொண்டு வருவது என்றால் என்ன என்று அவர்களுக்கென்ன தெரியும். தஞ்சாவூர் போவதற்கே திருமானூர் வந்து கொள்ளிடம் பாலம் தாண்ட வேண்டிய ஊர் இது. அந்தக் கடையோ சென்னையில். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற சாமானா அது?

“பெரியப்பா, கார்டுதான் எல்லாத்திலயும் விலை ஜாஸ்தி. அது போயிருந்தா நான் என்ன பண்றது?” என்று அவன் முகம் வாடிவிட்டது. ஃபேன் சுற்றினால் பவர் ஓகே என்று போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. கரண்ட் விஷயத்தில் ஓரிடத்தில் வந்தால் எல்லா இடத்திலும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டோம். பொத்தானை அழுத்தியதும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பிராசஸர் விழிக்க வேண்டும், அது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸை ஓட்ட வேண்டும், பயாஸ் ராமைக் கண்டுபிடித்துப் பழக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கிராபிக்ஸ் கார்டை எழுப்பி மானிட்டரில் எதையாவது காட்ட முடியும். திரை கடைசியில் விழிக்கிற ஆள். முன்னால் எந்த இடத்தில் வண்டி நின்றாலும் திரையில் ஒரே இருட்டுதான். பிராசஸருக்குக் கரண்ட் வராவிட்டாலும் இருட்டு, ராம் சரியாக உட்காராவிட்டாலும் இருட்டு, கார்டுக்குப் பவர் போகாவிட்டாலும் இருட்டு. கடைக்காரர் கடைசி ஆளை மட்டும் பிடித்துக் குற்றம் சொன்னார். வரிசைப்படி முதல் ஆளிலிருந்து விசாரிப்பதுதான் முறை.

இந்த வரிசை இன்று நேற்று வந்ததல்ல. 1981-இல் ஐபிஎம் தன் பிசியை விற்க ஆரம்பித்தபோதே அதற்குள் இந்தச் சுயசோதனை இருந்தது, கூடவே ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தது. எல்லாம் சரி என்றால் ஒரு சின்ன ‘பீப்’. திரைப் பக்கம் கோளாறு என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. திரை இருட்டாக இருக்கும்போது காதால் கேட்டுக் கோளாறைப் பிரிக்க முடிந்தது. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்த ஸ்பீக்கரைச் சொருகும் நாலு பின் இன்னும் அப்படியே இருக்கிறது. சொருக வேண்டிய சின்ன ஸ்பீக்கரைத்தான் கேபினெட்டோடும் கொடுப்பதில்லை, மதர்போர்டோடும் கொடுப்பதில்லை. சில பத்து ரூபாய்ச் சாமான். அதை மிச்சம் பிடித்துத்தான் கோட்டை கட்டப் போகிறார்களா?

சரி, விசாரணைக்கு வருவோம். எஸ்எம்பிஎஸ் பின்பக்கச் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பிறகு பவர் பொத்தானை ஒருதரம் அழுத்தி மிச்சமிருக்கும் கரண்ட்டை வடியவிட்டோம். இதைச் செய்யாமல் கை வைக்கக் கூடாது. பிளக் இருக்கும்வரை கம்ப்யூட்டர் ‘ஆஃப்’ ஆனாலும் போர்டில் ஒரு 5 வோல்ட் காத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ராமைப் பிடுங்கினால் நல்ல ராமும் போய்விடலாம்.

முதல் ஆள், பிராசஸரின் கரண்ட். மதர்போர்டின் வலது ஓரத்தில் ஒரு பெரிய 24 பின் பிளக் சொருகுகிறோம். பார்க்கிறவனுக்கு அதுவே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பதுபோலத் தெரியும். அது கொடுக்கும் 12 வோல்ட்டில் ஃபேன் சுற்றும், 5 வோல்ட்டில் அலங்கார விளக்கு எரியும். பிராசஸருக்கு மட்டும் தனி வழி. போர்டின் இடது மேல் மூலையில் 8 பின் சாக்கெட் ஒன்று இருக்கும், அதில்தான் பிராசஸரின் சாப்பாடு வருகிறது.

ஏன் தனி வழி என்பது எங்கள் தொழில்காரனுக்குச் சட்டென்று புரியும். பிராசஸர் ஓடுவது ஒரு வோல்ட் சொச்சத்தில். 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள், அந்த வோல்ட்டேஜில் அது 80, 90 ஆம்பியர். அவ்வளவு ஆம்பியரை எந்த மெல்லிய வயரில் கொண்டுவருவது? அதே 100 வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் 8 ஆம்பியர் சொச்சம்தான். அதனால் 12 வோல்ட்டாகவே பிராசஸரின் வாசல் வரை கொண்டுவந்து, சாக்கெட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் காயில்களும் சிப்புகளும் அதை இறக்கிக் கொடுக்கின்றன. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது இதற்காக ஒரு 4 பின் பிளக் சேர்த்தார்கள். இன்று அது 8 பின்னாக நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் வரும் வயர் பெரும்பாலும் நாலும் நாலுமாகப் பிரிந்திருக்கும், சேர்த்துப் பிடித்துச் சொருக வேண்டும். சில போர்டுகளில் 8 பின்னுக்குப் பக்கத்தில் இன்னொரு 4 பின் காலியாக இருக்கும். பிராசஸரை அளவுக்கு மீறி ஓட்டுகிறவர்களுக்கு அது. சாதாரண உபயோகத்துக்குக் காலியாக இருந்தாலும் ஓடும்.

கூலருக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தோம். அந்த மூலைக்கு நேர் மேலே ஃபேனும், பக்கத்தில் கேபினெட்டின் தகடும் இருப்பதால் கண்ணுக்கே தெரியவில்லை. விரலை விட்டுத் தடவினால் சாக்கெட் காலி. சொருக வேண்டிய வயர், தகட்டுக்குப் பின்னால் மற்ற வயர்களோடு டேக் போட்டுக் கட்டுக்குள் கிடந்தது. பையன் பார்த்த வீடியோவில் அந்த வயர் முன்னமே மேலே இழுத்துவிட்டிருந்ததாம். அதைச் சொருகுகிற நொடியைக் காட்டவே இல்லையாம்.

போன் பண்ணிக் கேட்ட இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது அப்போதே வெளியே வந்திருக்கும். கம்ப்யூட்டரை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, கூலரின் அலுமினியத் தகடைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஃபேன் சுற்றியும் தகடு பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தால் பிராசஸர் விழிக்கவே இல்லை என்று சந்தேகப்படலாம். லேசாகவாவது சூடு தட்டினால் அடுத்த ஆளிடம் போகலாம்.

வயரைச் சொருகுவதிலும் ஒரு அநியாயம். கிராபிக்ஸ் கார்டுக்கு வருவதும் 8 பின், பிராசஸருக்கு வருவதும் 8 பின். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே அளவு. உள்ளே பார்த்தால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றதில் எர்த். தலைகீழ். துளைகளில் சில சதுரமாகவும் சில முனை மழுங்கியும் இருப்பதால் மாறிப் போகாது என்பது கணக்கு. ஆனால் இருட்டு மூலையில், போகவில்லையே என்று அழுத்தம் கொடுக்கிற கைக்கு அந்தக் கணக்கு தெரியாது. ‘சிபியூ’ என்றும் ‘பிசிஐ-இ’ என்றும் பிளக்கின் முதுகில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே பொறித்த எழுத்து. என் கண்ணாடியைப் போட்டும் தெரியவில்லை. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தோம். ஒன்றுபோலத் தெரிந்த குறிலையும் நெடிலையும் பார்த்ததும் பிரிகிற மாதிரி மாற்றி எழுதிக் காட்டிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஊர் இது. ஒரு பிளக்குக்கு மட்டும் வேறு கலர் கொடுக்க இந்தக் காலத்து ஆட்களுக்குக் கைவரவில்லை.

இதோடு இன்னொரு எச்சரிக்கை. வயரைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எம்பிஎஸ்ஸில், போர்டுப் பக்கம் சொருகும் முனைதான் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலும் மாறும். சொருகினால் அழகாகப் போய் உட்காரும், கரண்ட் மட்டும் தப்பான பின்னுக்குப் போகும். நண்பனிடம் மிச்சமிருந்த வயர் என்று எடுத்து மாட்டுவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பிராசஸர் வயரைக் ‘கிளிக்’ என்ற சத்தம் வரும்வரை சொருகிப் போட்டோம். திரை அதே இருட்டு. அந்த நொடியில்தான் மனிதனுக்கு வெறுத்துப் போகும். பையன், “பாத்தீங்களா பெரியப்பா, அதுவும் இல்ல” என்று வயரைக் கழற்றவே போய்விட்டான். டேய் பொறு என்றேன். திரை மாறவில்லை, ஆனால் வேறொன்று மாறியிருந்தது. முன்பு ஃபேன் ஒரே சீராகச் சுற்றியது. இப்போது சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி தானாக எடுக்கிறது. கம்ப்யூட்டர் எதையோ முயன்று பார்த்துத் தோற்று, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் பிராசஸர் விழித்துவிட்டது, ராமில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு கோளாறு ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் முதலாவதைச் சரிசெய்ததற்குத் திரை எந்த அடையாளமும் காட்டாது. சரிசெய்ததையே திரும்பக் கெடுத்துவிட்டு இரவெல்லாம் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் இதனால்தான் அப்படிச் சுற்றுகிறார்கள்.

இரண்டாவது ஆள், ராம். நாலு ஸ்லாட். கையில் இரண்டு ராம். நம் ஊர் வழக்கப்படி எண்ணினால் ஒன்றும் மூன்றும் என்று போடத் தோன்றும். பையனும் அப்படித்தான் போட்டிருந்தான். பெரும்பாலான போர்டுகளில் இரண்டு ராம் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் முதல் இடம். போர்டில் அவற்றுக்கு ஏ2, பி2 என்று பெயர். ஒரே ராம் என்றால் ஏ2. காரணம் இருக்கிறது. ஒரே கம்பித் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. முடிகிற இடத்தில் ராம் இருந்தால் சிக்னல் அங்கே அடங்கும். முன்னாலுள்ள ஸ்லாட்டில் ராமைப் போட்டு முனையைக் காலியாக விட்டால், சிக்னல் அங்கே முட்டித் திரும்பி வந்து நல்ல சிக்னலோடு கலந்து குழப்பும். பழைய மெதுவான ராமில் இது பெரிதாகத் தெரியாது. இன்றைய டிடிஆர்5 வேகத்தில் பல போர்டுகள் விழிக்கவே மறுக்கும். இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பெட்டியோடு வரும் துண்டுத் தாளில் ஒரு மூலைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். ஸ்லாட்டின் தலையில் ‘முதலில் இங்கே’ என்று ஒரு அம்புக்குறி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அழுத்துவதிலும் பார்க்க வேண்டியது உண்டு. பழைய போர்டில் ஸ்லாட்டின் இரு முனையிலும் கிளிப் இருக்கும், ராம் இறங்கியதும் இரண்டும் மூடிக்கொள்ளும். இப்போது பல போர்டுகளில் ஒரு முனையில்தான் கிளிப். மறு முனை அசையாத பிளாஸ்டிக். கிளிப் உள்ள பக்கம் ‘கிளிக்’ என்றதும் வேலை முடிந்தது என்று கை எடுத்துவிடுகிறோம், அசையாத பக்கம் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். கண்ணை ராமின் மட்டத்துக்கு இறக்கி, தங்கநிற விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தெரிகிறதா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று அப்படித்தான் தெரிந்தது.

இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து அழுத்தினோம். ஒரு ராமை மட்டும் போட்டுப் பார்ப்பது, எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க உதவும். பையனின் கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி ஓரமாக வைத்தோம். அவனுடைய பிராசஸருக்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருந்ததால் மானிட்டர் வயரை மதர்போர்டின் பின்பக்கத்தில் சொருக முடிந்தது. எல்லாப் பிராசஸரிலும் இது கிடையாது. இன்டெல்லில் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். அந்த வகையில் மானிட்டர் வயரை மதர்போர்டில் சொருகிவிட்டு ஆண்டுக்கணக்கில் பார்த்தாலும் படம் வராது.

பொத்தானை அழுத்தினால் மறுபடி இருட்டு. இந்தத் தடவை பொறுமை தேவைப்பட்டது. டிடிஆர்5 போட்ட கம்ப்யூட்டர் முதல்தடவை விழிக்கும்போது ராமோடு எந்த வேகத்தில், எந்த இடைவெளியில் பேசலாம் என்று தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கலாம், 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இது நன்றாகத் தெரியும். அதுவரை திரை கறுப்புதான். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ‘ராமைச் சோதிக்கிறேன், கொஞ்சம் பொறு’ என்று ஒரு விளக்காவது மினுக்கினால் மனிதன் காத்திருப்பான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எவன் காத்திருப்பான்? பையனின் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு படம் வந்தது. ராம் எவ்வளவு, பிராசஸர் என்ன என்று காட்டும் பயாஸ் பக்கம். இரண்டாவது ராமை நாலாவது ஸ்லாட்டில் போட்டோம், அதுவும் வந்தது.

மூன்றாவது ஆள், போனிலேயே தண்டனை வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. அதைத் திரும்பப் பூட்டும்போது பவர் பிளக்கைக் கவனித்துப் பார்த்தோம். இந்த வயரில் 6 பின்னும் 2 பின்னும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் சேர்த்து 8 ஆக்கிச் சொருக வேண்டும். 2 பின் துண்டு நழுவி வெளியே தொங்கிவிடுவது சகஜம். அந்த இரண்டு பின்னிலும் 12 வோல்ட்டே கிடையாது, எர்த் மட்டும்தான். அவற்றில் ஒன்று கார்டுக்கு, பின்னால் இருப்பது 75 வாட் வயர் அல்ல, 150 வாட் வயர் என்று சொல்கிற அடையாளம். அது வராவிட்டால் கார்டு முழு வேலைக்கு இறங்காது. சில கார்டு பவர் வயரை மாட்டச் சொல்லித் திரையிலேயே எழுதிக் காட்டும், சில கார்டில் பிளக் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், சிலது வாயே திறக்காது. பையன் 8 பின்னையும் ஒழுங்காகவே சொருகியிருந்தான். கார்டு ஸ்லாட்டின் வால் பக்கக் கிளிப்பும் மூடியிருந்தது. மானிட்டர் வயரை மதர்போர்டிலிருந்து எடுத்துக் கார்டுக்கு மாற்றினோம், படம் வந்தது. கார்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. விலை அதிகமுள்ளதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம், விலையே இல்லாத ஒரு வயரும் ஒரு மயிரிழைத் தூக்கலும்தான் திரையை மறைத்திருந்தன.

இனி என் முறையீடு. பிராசஸர், ராம், கிராபிக்ஸ், டிஸ்க் என்று நாலு சின்ன விளக்கு வைத்து, எதில் வேலை நின்றதோ அதை எரியவிடும் போர்டுகள் இருக்கின்றன. செய்யத் தெரியாத வேலை இல்லை அது. விலை குறைந்த போர்டுகளில் பலவற்றில் அதை எடுத்துவிடுகிறார்கள். விலை குறைந்ததை வாங்குகிறவன் யார்? சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாதவன், தானே பூட்டுகிறவன், முதல்தடவை பூட்டுகிறவன். அந்த நாலு விளக்கு யாருக்கு அதிகம் தேவையோ அவனிடமிருந்துதான் பிடுங்குகிறார்கள். அலங்கார விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த நாலை எல்லாப் போர்டிலும் வையுங்கள். பிராசஸர் பிளக்குக்கு ஒரு கலர் கொடுங்கள். கடைக்காரர்களே, போனில் ‘கார்டு போச்சு’ என்று சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: மேல் மூலையில் வயர் சொருகியிருக்கா, ராம் இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கா, கார்டில் எட்டுப் பின்னும் போயிருக்கா?

அவர்கள் செய்கிறவரைக்கும் வாங்குகிறவர்கள் கடையில் மதர்போர்டு எடுக்கும்போதே அந்த நாலு விளக்கு உண்டா என்று கேட்டு வாங்குங்கள், கூடவே ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டுத் திரை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிராசஸர் வயர், ராம், கார்டு வயர் என்று இதே வரிசையில் பாருங்கள், ஒன்றைச் சரிசெய்த பிறகு அதைக் கழற்றாமல் அடுத்ததற்குப் போங்கள். மூன்றையும் பார்த்து முடித்தும் இருட்டாகவே இருந்தால் மட்டும் சாமானைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.